ஞாயிறு வகுப்புக்கு மீன் கணக்கு (ஜொயின்ட் புரொடக்ட்)

பிள்ளையள், புத்தகத்தில எண்ணெய் ரிஃபைனரிக் கணக்குத்தான் திரும்பத் திரும்ப வருது, நாங்க திருகோணமலையில இருந்துகொண்டு அது ஏன் எண்டு இந்த முறை மீனிலயே போட்டிருக்கன். இலக்கமெல்லாம் நான் போட்டது, மார்க்கெட் விலை எண்டு ஆரும் சண்டைக்கு வராதீங்கோ.

கொட்பேயில 1,000 கிலோ சூரை எடுத்து வெட்டுற ஒரு வாடி. மீன், ஐஸ், வெட்டுகூலி எல்லாம் சேர்த்து ரூபா 666,000. வெட்டி முடிய வாறது: சதைத்துண்டு 500 கிலோ (கிலோ 1,500), தலையும் முள்ளும் 300 கிலோ (கிலோ 250), குடல் செதிள் 150 கிலோ (கிலோ 40, கோழித்தீன்காரர் எடுப்பினம்). மிச்சம் 50 கிலோ இரத்தமும் தண்ணியுமாப் போயிடும், அது சாதாரண இழப்பு, அதுக்கு ஒண்டும் போடாதீங்கோ.

1. ஸ்பிளிட் ஒஃப் பொயின்ட் எது? கத்தி வைக்கிற நேரமா, வெட்டி மூண்டாப் பிரிச்ச நேரமா? ஏன் எண்டு ஒரு வரி எழுதுங்கோ.

2. குடல் பை புரொடக்ட். அதில வாற காசை ஜொயின்ட் கொஸ்டில கழிச்சுப்போட்டு மிச்சத்தை (அ) கிலோ கணக்கில, (ஆ) விற்பனைப் பெறுமதியில பகிருங்கோ. தலையும் முள்ளும் பை புரொடக்டாகாதோ எண்டு கேப்பீங்க, 75,000 ரூபா சின்னக் காசில்ல, அதால நான் ஜொயின்ட் எண்டு எடுத்திருக்கன், காரணத்தோட மறுத்து எழுதினாலும் மார்க் தருவன்.

3. துண்டை அவிச்சு புகை போட்டுக் காய வைச்சா மாசி 160 கிலோ, கிலோ 5,500. மேலதிகச் செலவு 95,000, அதில 20,000 கொட்டில் வாடகை, மாசி போட்டாலும் போடாட்டியும் கட்டத்தான் வேணும். போடலாமா?

4. தலையை உப்புப் போட்டுக் கருவாடாக்கினா 120 கிலோ, கிலோ 700, செலவு 14,000. ஆக்கலாமா?

போனமுறை பாதிப்பேர் மூண்டாவது மாதிரிக் கேள்வியில ஜொயின்ட் கொஸ்டையும் தூக்கிப் போட்டுட்டாங்க. மீன் வெட்டியாச்சு, அந்தக் காசு போனது போனதுதான், இனி மாசி போட்டா கூட வாற காசு எவ்வளவு, கூடப் போற காசு எவ்வளவு, அவ்வளவுதான் பாக்கணும்.

சரி பாக்க விடை: பகிர வேண்டியது 660,000. கிலோவில துண்டுக்கு 412,500, தலைக்கு 247,500, அப்ப 75,000 ரூபா வித்த தலை 172,500 நட்டமாம், தலையைக் கடலில எறியவா சொல்லுது? பெறுமதியில 600,000, 60,000, ரெண்டிலயும் லாபம் விற்பனையில 20 வீதம். மாசியில கூட வாறது 130,000, போறது 75,000, லாபம் 55,000, போடலாம். கருவாட்டில 9,000 கூடுது, 14,000 போகுது, தலையை அப்பிடியே வித்திடுங்கோ.

முதலாவதுக்கு விடை தரமாட்டன், வகுப்பில கேப்பன்.