நீரிழிவு: சாப்பாடும் மருந்தும்

(பினாங்கு கிளினிக் நோயாளிகளுக்கான தமிழ்க் கையேடு. உணவு உதாரணங்களையும் அளவுகளையும் நம் சமையலுக்கேற்ப மாற்றியிருக்கிறோம். மருந்து முறை, இரத்தச் சர்க்கரை எண்கள், அவசர வழிமுறை ஆகியவை ஆங்கிலக் கையேட்டில் உள்ளபடியே.)

மாவுப் பங்கு

15 கிராம் மாவுச்சத்து ஒரு பங்கு. ஒரு வேளைக்கு எத்தனை பங்கு என்று உங்கள் பதிவுப் புத்தகத்தில் டயட்டீஷியன் எழுதியிருப்பார். கப், அவுன்ஸ் எல்லாம் வேண்டாம். வீட்டிலுள்ள சீனர் சோற்றுக் கிண்ணமே அளவு. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பாகம் சோறு ஒரு பங்கு, முழுக் கிண்ணம் மூன்று பங்கு. பழுப்பரிசிக்கும் இதே கணக்குதான். "அது நல்ல அரிசி" என்று இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இவை ஒவ்வொன்றும் ஒரு பங்கு: இட்லி ஒன்று, ஒரு சாண் அகலத் தோசையில் பாதி, சப்பாத்தியில் மூன்றில் ஒன்று, ரொட்டி சானாயில் மூன்றில் ஒன்று, ரொட்டித் துண்டு ஒன்று. ஆக, பசியாற ஒரு ரொட்டி சானாய் என்றாலே மூன்று பங்கு முடிந்தது. இட்லியும் தோசையும் ஆவியில் வெந்ததா கல்லில் வார்த்ததா என்பதில் மாவுச்சத்து மாறாது. எண்ணெய்தான் கூடும்.

நாசி கண்டார் கடையில் சோற்றை அரைத் தட்டுக்குக் கேளுங்கள். "பஞ்சிர்" சொல்லாமல் குழம்பைத் தனியாக வாங்குங்கள். தட்டில் பாதி காய்கறி (வெண்டைக்காய், முட்டைக்கோஸ், கங்கோங்), கால் பாகம் மீன், கோழி அல்லது பருப்பு, கால் பாகம் சோறு. உருளைக்கிழங்குப் பிரட்டல் காய்கறி அல்ல, அது சோற்றின் இடத்தைப் பிடிக்கும்.

பானம்தான் அதிகம் பேர் தவறும் இடம். ஒரு மேசைக்கரண்டி இனிப்புப் பாலில் சுமார் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு மேல். தே தாரிக் கிளாஸில் பெரும்பாலும் அதைவிடக் கூடவே ஊற்றுவார்கள். "கூராங் மானிஸ்" என்றால் எவ்வளவு குறையும் என்பது கலக்குபவரின் கை. "தே ஓ கோசோங்" என்றால் சந்தேகமே இல்லை.

மருந்து

மெட்ஃபார்மின்: சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். வெறும் வயிற்றில் குமட்டலும் பேதியும் வரும்.

கிளிக்லாசைடு (சாதாரண மாத்திரை): சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அந்த வேளை சாப்பிடவில்லை என்றால் மாத்திரையும் வேண்டாம். விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தாகக் குறையும்.

மறந்த மருந்துக்காக அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்காதீர்கள். பாகற்காய்ச் சாறு, நாட்டு மருந்து குடித்தால் மருந்தாளரிடம் சொல்லுங்கள்; அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். தைப்பூச விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மருந்து நேரத்தையும் அளவையும் அவர்தான் மாற்ற வேண்டும்.

இன்சுலின்: திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைந்தது உருகினாலும் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குக் கீழே, பெரும்பாலானவை 28 நாள் வரை. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப்போகாதீர்கள். கலங்கலாகவே வரும் வகை இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, பால்போல் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். புது ஊசி மாட்டி 2 யூனிட் வெளியே விட்டுச் சோதியுங்கள். போட்டபின் 10 எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். உடனே எடுத்தால் மருந்து சொட்டி வீணாகும். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் தோல் தடித்து மருந்து சரியாக ஏறாது.

எண்கள்

பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக்கு முன் 4.4 முதல் 7.0, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 4.4 முதல் 8.5 (மி.மோல்/லிட்டர்). உங்களுக்கு டாக்டர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதுவே சரி.

சர்க்கரை 4.0-க்குக் கீழே போனால்

வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, பேச்சுக் குழறல். உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சாக்லேட்டும் தே தாரிக்கும் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மீண்டும் அதே அளவு. சரியானதும் அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ஒரு துண்டு ரொட்டி சாப்பிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். இந்தப் பகுதியை வீட்டில் உள்ளவர்களும் படிக்க வேண்டும். மயங்கியவர் படிக்க முடியாது.

காய்ச்சல், வாந்தி, பேதி நாட்களில்

சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். வாந்தியோ பேதியோ நிற்காவிட்டால் மெட்ஃபார்மினை நிறுத்திவைத்துக் கிளினிக்கை அழையுங்கள். எதைக் குடித்தாலும் தங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, குழப்பமாக இருக்கிறது என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரைப் பையும் பதிவுப் புத்தகமும் கையோடு வரட்டும்.