ரிட்லியின் உடைமைகள்: வந்த வழியும் காலமும் கேட்டுக் காப்பாட்சியருக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்
14 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய காப்பாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அரும்பொருளகத்தின் தாவரவியல் கூடத்தில், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலையை நிர்வகித்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லியின் சொந்தப் பொருள்கள் ஐந்து ஒரே பேழையில் உள்ளன: செடி சேகரிக்கும் தகரப் பெட்டி, மடக்கு லென்ஸ், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி, அட்டையில் ஒட்டிய புகைப்படம், வெள்ளைப் பருத்திச் சட்டை. ஐந்துக்கும் சேர்த்து ஒரே குறிப்பு: ‘ரிட்லி பயன்படுத்தியவை, சுமார் 1890–1912’. இந்த முடிவுக்கு எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்கவே எழுதுகிறோம். பால்மரத் தோட்டக் கருவிகளுக்கு அட்டவணை தயாரிக்கும் தன்னார்வக் குழு நாங்கள். எங்களிடமுள்ள இரண்டு கத்திகள் ‘பூமலை துரை கொடுத்தது’ என்ற வாய்மொழியோடு வந்தவை. அவற்றை எந்தச் சொற்களில் பதிவதென்பது உங்கள் பதிலைப் பொறுத்தது.

ஒரு பொருள் எப்போது செய்யப்பட்டது, எப்போது புழங்கியது, யார் கையில் இருந்தது என்பவை மூன்று தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குப் பொருளே விடை சொல்லிவிடும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் தாள்தான் சாட்சி. உங்கள் குறிப்பு மூன்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

ரிட்லி விஷயத்தில் இது சிறிய சிக்கல் அல்ல. 1888 நவம்பரில் பூமலைக்கு வந்தவர், 1912 வாக்கில் ஓய்வு பெற்றார். அதன்பின் இங்கிலாந்தின் கியூவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1956 அக்டோபரில் தம் நூறாவது வயதில் காலமானார். இங்கே பணிபுரிந்த காலத்தைவிட அங்கே ஓய்வில் இருந்த காலம் நீளம். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மலாய்த் தீபகற்பத் தாவரங்கள் பற்றிய ஐந்து தொகுதி நூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். ஆக, ‘ரிட்லியின் லென்ஸ்’ என்பது உண்மையாகவே இருந்தாலும், அது சிங்கப்பூரைப் பார்த்திராத லென்ஸாக இருக்கலாம்.

பொருள்கள் உங்களிடம் வந்திருக்கக்கூடிய வழிகள் மூன்று தோன்றுகின்றன. அக்காலத்தில் ஊர் திரும்பும் அதிகாரிகள் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுச் செல்வது வழக்கம். ஏல விளம்பரங்கள் பழைய நாளிதழ்களில் உள்ளன. NewspaperSG தளத்தில் தேடலாம். ஆனால் அவற்றில் மேசை, அலமாரி, குதிரைவண்டி என்று பெரிய சாமான்களே பெயர் பெறும். லென்ஸும் கத்தியும் ‘இதர’ என்பதில் அடங்கிவிடும். இரண்டாவது வழி, பூமலை அலுவலகத்திலேயே தங்கியவை. அவை அரசாங்க உடைமையே தவிரச் சொந்தப் பொருள் அல்ல. தகரப் பெட்டி இந்த வகையோ என்ற ஐயம் எங்களுக்கு உண்டு, ஏனென்றால் சேகரிப்புக்குப் போகும் பணியாளர்கள் எல்லாரும் பெட்டி சுமந்திருப்பார்கள். மூன்றாவது, கியூ வீட்டிலிருந்து பின்னாளில் கொடையாக வந்தவை. ரிட்லி 83 வயதில் மணம் செய்தவர். எனவே வாரிசுத் தொடரை மனைவி வழியாகவும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஆண்டுதோறும் வரும் உயில் அட்டவணையில் சொத்தை நிர்வகித்தவர் பெயர் கிடைக்கும். அங்கிருந்து கொடைக் கடிதம் வரை ஒரு கோடு இழுக்க முடிகிறதா?

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைத் தனியாகக் கேட்கிறோம். அக்காலப் பட்டியல்களில் ஜப்பானியப் பேரரசு ஆண்டும் எழுதப்பட்டிருக்கலாம்: 2602 என்றால் 1942. பின்னால் வந்த எழுத்தர் அதைப் பொருள் எண் என்று எடுத்துப் புதிய பதிவேட்டில் ஏற்றியிருந்தால், தொடர் அங்கேயே அறுந்துபோகும். பெட்டியின் அடியில் நான்கு இலக்க எண் ஒன்று தெரிகிறது. அது என்னவென்று சரிபார்த்தீர்களா? ஒட்டுச் சீட்டுகளுக்கு உள்ளூர் அளவுகோல் ஒன்றும் உண்டு. நான்கு இலக்க அஞ்சல் குறியீடு 1979க்குப் பிந்தையது, ஆறு இலக்கம் 1995க்குப் பிந்தையது, எட்டு இலக்கத் தரைவழித் தொலைபேசி எண் 2002க்குப் பிந்தையது. கொடையாளர் சீட்டு என்று காட்டப்படுவது உண்மையில் இடமாற்றத்தின்போது ஒட்டியதா என்பதை இவை சொல்லிவிடும்.

இனிப் பொருள்கள். தகரப் பெட்டியில்தான் அதிகம் கேட்க இருக்கிறது. இத்தகைய பெட்டிகளுக்கு வெளியே பச்சை அல்லது கறுப்பு, உள்ளே வெள்ளை அடிப்பது வழக்கம். உங்கள் பெட்டியும் அப்படியே. உள் வெள்ளையை எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் பார்த்தீர்களா? ஈயமோ துத்தநாகமோ காட்டினால் 1890களுக்குப் பொருந்தும். டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் விற்பனைக்கே வந்தது. ஆகவே அது தெரிந்தால், ரிட்லி ஊர் திரும்பிய பிறகு அடித்த வண்ணம். அதற்காகப் பெட்டியே புதிது என்றாகிவிடாது. கருவியின் கதிர் மேல்பூச்சைத் தாண்டி அடிப்பூச்சையும் தகரத்தையும் சேர்த்தே படிக்கும். படிந்த மண்ணிலும் டைட்டானியம் உண்டு. விளிம்பில் உதிர்ந்த ஒரு துணுக்கைப் பிசினில் பதித்துக் குறுக்காக அறுத்துப் பார்த்தால்தான் எத்தனை பூச்சு, எது முதலில் என்பது தெரியும். அப்படி வெட்டுமுகம் எடுத்திருந்தால் அதன் படத்தைக் காண விரும்புகிறோம்.

மூடியில் ‘எச். என். ஆர்.’ என்ற எழுத்துகள் கீறப்பட்டுள்ளன. பழைய கீறல் என்றால் பள்ளத்துக்குள்ளும் துருவும் அழுக்கும் சுற்றுப்புறத்தைப் போலவே ஏறியிருக்க வேண்டும். புதுக் கீறல் ஏற்கெனவே இருந்த துருவை வெட்டிச் செல்லும்; பள்ளத்தின் ஓரம் கூராக நிற்கும். 10 மடங்கு லென்ஸில் பாதி தெரியும், 40 மடங்கு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். பேழைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததில் கீறல் பளபளக்கிறது. முன்பு யாராவது மெருகேற்றித் துடைத்திருந்தால் அதுவும் இப்படிக் காட்டும் என்பதால், பராமரிப்புப் பதிவேட்டைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டோம்.

உலர்செடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க அக்காலத்தில் பாதரசக் குளோரைடு பூசினார்கள். பெட்டியில் பாதரசம் தெரிந்தால் உலர்தாவரக் கூடத்தோடு அது புழங்கியது என்பதற்கு ஆதரவு கிடைக்கும், ஆனால் யார் சுமந்தார் என்பதற்குக் கிடைக்காது. (கையாள்பவர்கள் நைட்ரைல் கையுறை அணிகிறார்கள் என நம்புகிறோம், பருத்தி உறை இதற்குப் போதாது.) அதைவிடப் பயன் தரக்கூடியது கீல் இடுக்கில் சிக்கிய விதையும் இலைத்துணுக்கும். இனம் கண்டுபிடிக்க முடிந்தால், ரிட்லியின் உலர்செடித் தாள்களில் உள்ள இடமும் தேதியும் கொண்ட பயணவரிசையோடு ஒப்பிடலாம். 1890இலும் 1904இலும் கிறிஸ்மஸ் தீவு, 1891இல் பகாங்கின் தகான் ஆறு என அவர் போன இடங்கள் பதிவாகியுள்ளன. அந்தத் தீவில் மட்டும் வளரும் செடி ஒன்றின் துணுக்கு அகப்பட்டால், ஐந்து பொருள்களிலும் பெட்டிக்குத்தான் வலுவான சான்று இருக்கும்.

கத்திக்கு வருவோம். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவி, அதே வெட்டின் ஓரத்தை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் முறையை ரிட்லி 1890களில் சோதித்துக் காட்டினார் என்பதால், இந்தக் கத்திமேல் எல்லார் கண்ணும் விழும். இரும்பு துருப்பிடிக்காத எஃகு வகையா? அது 1913இல்தான் ஷெஃபீல்டில் உருவானது. ஆமெனில் விவாதமே இல்லை. சாதாரண எஃகு என்றால் தயாரிப்பாளர் முத்திரை எங்கே? தினம் தீட்டப்படும் கத்தியில் அலகு தேயத் தேய முத்திரையும் போய்விடும். பிடிக்கு உள்ளே மறையும் வால்பகுதியில் மிஞ்சியிருக்கலாம். ஆனால் பிடி மாற்றப்படாத பழைய கத்தி அரிது. ‘ஜெர்மனி’ போன்ற நாட்டுப் பெயர் இருந்தால் 1887இன் பிரிட்டிஷ் வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கத்தியில் ஒட்டிய கறுத்த பிசினை அகச்சிவப்பு நிறமாலையில் சோதித்தீர்களா? பால்மர ரப்பரும் குட்டா பெர்ச்சா என்ற வேறொரு மரத்தின் பாலும் ஒரே மூலக்கூறு அலகால் ஆனவை, பிணைப்பின் அமைப்புத்தான் வேறு. நிறமாலை இரண்டையும் பிரித்துக் காட்டும். பூமலையில் இரண்டு மரங்களுமே இருந்தன. எங்கள் இரு கத்திகளுக்கும் இதே சோதனை தேவைப்படுவதால் எவ்வளவு பிசின் எடுத்தீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

லென்ஸின் கறுப்பு உறை கெட்டி ரப்பரான எபோனைட்டா, செயற்கைப் பிசினான பேக்லைட்டா என்பதே கேள்வி. பேக்லைட் 1907க்குப் பிந்தியது. எபோனைட் வெளிச்சத்தில் பச்சைகலந்த பழுப்பாக மங்கும். விரலால் தேய்த்துச் சூடாக்கினால் கந்தக வாசனை வரும்.

புகைப்படத்தில் 30 மடங்கு லென்ஸில் தாளின் இழைகள் தெரிந்தால் அல்புமின் அச்சு. வெண்ணிறப் பூச்சு இழைகளை மறைத்திருந்தால் ஜெலட்டின் அச்சாக இருக்கலாம். படம் பிடித்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஸ்டூடியோக்கள் பழைய நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் அச்சிட்டு விற்றன.

சட்டையில் புற ஊதா விளக்கை, 365 நானோமீட்டரில், அடித்துப் பார்த்திருப்பீர்கள். நீலமாக ஒளிர்ந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய சலவைத்தூளின் வேலையாக இருக்கலாம். துணி பழையதாகவே இருந்து, யாரோ பின்னாளில் துவைத்திருக்கலாம். தையல் நூல் ஒளிராமல் துணி மட்டும் ஒளிர்கிறதா என்பதும், கழுத்துப்பட்டியின் உள்பக்கத்தில் வண்ணான் குறி இருக்கிறதா என்பதும்தான் முக்கியம். சேராங்கொட்டைச் சாறால் இட்ட கறுப்புக் குறி எத்தனை சலவைக்கும் அழியாது. அந்தக் குறி ஒரு வீட்டைச் சுட்டும். அதே குறி ரிட்லியுடையது என்று உறுதியான வேறொரு துணியிலும் இருந்தால்தான் ஆளைச் சுட்டும்.

கரிமக் காலக் கணிப்பு செய்ததாகச் சிலர் சொல்லக் கேட்டோம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1950 வரை அதன் அளவுவளைவு ஏறி இறங்கித் தட்டையாகவே போவதால், ஒரே அளவீட்டுக்குப் பல விடைகள் வரும். 1890ஐ 1750இலிருந்து பிரிக்க உதவாது. அணுகுண்டுச் சோதனைகளால் 1950களின் நடுவிலிருந்து காற்றில் கூடிய கதிரியக்கக் கரிமத்தை மட்டும் அது பளிச்சென்று காட்டும். சட்டை பிற்காலப் பருத்தி அல்ல என்று நிறுவ மட்டுமே செய்திருந்தால் சரிதான். வேறு காரணத்துக்காக நூலை இழந்திருக்க வேண்டாம்.

நாங்கள் கேட்பவை: ஐந்து பொருள்களின் வரவுப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல், கொடைக் கடிதம் அல்லது மாற்றல் ஆணை, பராமரிப்புக் குறிப்புகள், சோதனைகளின் மூல நிறமாலைகள். சுருக்க அறிக்கை மட்டும் வேண்டாம், இடைவெளி எங்கே என்பது அதில் தெரியாது. தனிநபர் பெயர்களை மறைத்துத் தந்தாலும் போதும். ஆவணமில்லாத இடைவெளி எத்தனை ஆண்டுகள் இருந்தால் ‘பயன்படுத்தியது’ என்பதை ‘பயன்படுத்தியதாகக் கூறப்படுவது’ என்று மாற்றுவீர்கள் என்ற உங்கள் அலுவலக வழக்கத்தையும் எழுதுங்கள். எங்கள் அட்டவணையிலும் அதையே பின்பற்ற எண்ணம்.

செப்டம்பரில் ஏதேனும் ஒரு வாரநாள் காலை, ஒரு மணி நேரம் பேழைக்கு வெளியே பார்க்க அனுமதித்தால், எங்கள் இரு கத்திகளையும் ஒப்பீட்டுக்குக் கொண்டு வருகிறோம். லென்ஸும் புற ஊதா விளக்கும் எங்களிடம் உண்டு. பொருளை நாங்கள் தொட மாட்டோம், உங்கள் பணியாளரே திருப்பிக் காட்டலாம். கத்திகளின் அளவுகோலிட்ட படங்கள் ஆறு இணைத்துள்ளோம்.

அன்புடன்,
இரா. மாதவி
கருவிகள் ஆவணக் குழுவுக்காக