பவுன் சங்கிலி

இரவு ஒன்றே முக்காலுக்கு அம்மாயி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முந்தானையைப் பிடித்தபடி பின்னால் அவன் தங்கை. பையனுக்கு ஆறு வயது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடை எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. வீக்கத்தின்மேல் ஒரு பவுன் சங்கிலி இறுகிக் கிடந்தது.

"பொன்னுக்கு வீங்கிதானுங்க அம்மிணி. மூணு நாளாச்சு. சங்கிலி போட்டா வத்தீருமுன்னு மகளோடதைப் போட்டுவுட்டேன்."

டாக்டர் கயல்விழிக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்தவள்; சின்ன வயதில் அவள் கழுத்திலும் அம்மா போட்டுவிட்டிருக்கிறாள். ஆனால் காய்ச்சல் நூறுதான், நாடியோ தறிகெட்டு ஓடியது. வாயைத் திறந்ததும் அழுகத் தொடங்கிய பழம்போல ஒரு தித்திப்பு நாற்றம்.

டார்ச் அடித்தாள்.

"டான்சில் அல்லே டாக்டரே?" என்றார் நர்ஸ் சேச்சி.

டான்சில் சீழ் என்றால் புள்ளி புள்ளியாக மஞ்சளாயிருக்கும், தொட்டால் வழிந்து வரும். இது சாம்பல் நிறம். ஈரத்தோல் மாதிரி உள்நாக்குவரை ஏறியிருந்தது. பஞ்சுக்குச்சியால் ஓரத்தைத் தொட்டாள். பெயரவில்லை. ஒட்டிய இடத்தில் ரத்தம் துளிர்த்தது. சட்டென்று கையை எடுத்தாள்.

தொண்டை அடைப்பான். பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்தது.

"சேச்சி, மாஸ்க். தனி ரூம்."

"ஊசியெல்லாம் போட்டீங்களா அம்மாயி?"

"கைக்குழந்தையில ஒண்ணு போட்டமுங்க. அப்புறம் செங்கச்சூளைக்கு இந்தப் பக்கம் வந்துட்டம். அட்டை பொள்ளாச்சி வீட்டுலயே கெடக்குது."

தொண்டையிலிருந்து சோதனைக்கு எடுத்துவிட்டு பென்சிலின் போட்டாள். அது கிருமியைக் கொல்லும். ரத்தத்தில் இறங்கிவிட்ட நஞ்சைத் தொடாது. அதற்கு ஆன்டிடாக்சின் வேண்டும், நஞ்சு இதயத்தில் போய் ஒட்டிக்கொள்வதற்குள். கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்க முடியாது. கோயம்புத்தூர்தான் கிட்டம். ஆனால் மூன்றாவது போனில், மருந்து இருப்பது திருச்சூரில் என்று தெரிந்தது.

"உறப்பாணோ?" நிச்சயம்தானா என்றது மறுமுனை.

அவள் இதற்குமுன் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. "உறப்பாணு சார்."

சங்கிலியைக் கழற்ற வேண்டும். கொக்கி வீக்கத்துக்குள் புதைந்திருந்தது. பையன் அழுதால் மூச்சு இன்னும் அடைக்கும். அம்மாயி மடியில் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஜெல்லைத் தடவி, "மயில் எப்படிக் கத்தும் கண்ணு? நீ சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்" என்று கத்திக்காட்டியபடியே நகத்தால் கொக்கியைத் தேடினாள். நாலு நிமிஷம் ஆனது.

சூளையிலிருந்து ஓடிவந்த அம்மாவோடு ஆம்புலன்ஸ் கிளம்பியது. கூடவே ஆக்சிஜனும், மூச்சு நின்றால் கழுத்தில் துளையிடத் தெரிந்த டாக்டரும்.

தங்கையின் தொண்டை சுத்தமாக இருந்தது. ஒரே டம்ளரில் குடிப்பவள். எரித்ரோமைசின் ஏழு நாளைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மாயி கைக்குள் பொத்தியிருந்த சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுவிட்டாள்.

கயல்விழி எழுந்துபோய் அதைக் கழற்றினாள். ஸ்பிரிட் பஞ்சால் கண்ணி கண்ணியாகத் துடைத்தாள். பிறகு திரும்ப மாட்டிவிட்டாள்.