பிரார்த்தனை மண்டபச் சீரமைப்புப் பணி: விலைப்புள்ளி கோரும் அறிவிப்பு

அறிவிப்பு நாள்: 16 பிப்ரவரி 2026

எங்கள் பிரார்த்தனை மண்டபத்தின் மேல்தளம், சுவர்ப்பூச்சு, தரை, மின்வயரிங், வண்ணப்பூச்சு ஆகியவற்றைச் சீரமைக்கத் தகுதியுள்ள கட்டிட ஒப்பந்ததாரர்களிடமிருந்து முத்திரையிட்ட உறையில் விலைப்புள்ளி கோருகிறோம். செலவாகப் போவது சபையார் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த பணம். யாருக்கு வேலை கிடைத்தது, ஏன் கிடைத்தது என்று அவர்களில் எவர் கேட்டாலும் காகிதத்தைக் காட்டிப் பதில் சொல்லும் நிலை எங்களுக்கு வேண்டும். அதனால் எல்லா விதிகளையும் முன்கூட்டியே இங்கே எழுதியிருக்கிறோம். இதில் இல்லாத எந்த அளவுகோலையும் பிற்பாடு சேர்க்க மாட்டோம்.

முக்கிய நாட்கள்

இடத்தைப் பார்வையிடல்: பிப்ரவரி 28, சனி, காலை 10 மணி
கேள்விகளை எழுத்தில் தரக் கடைசி நாள்: மார்ச் 4, புதன்
எல்லோருக்கும் ஒரே பதில் தாள்: மார்ச் 7, சனி
விலைப்புள்ளி தரக் கடைசி நேரம்: மார்ச் 14, சனி, மாலை 4 மணி
தகுதிச் சான்று உறை திறப்பு: அதே நாள், மாலை 4.30, மண்டபத்திலேயே
விலை உறை திறப்பு: மார்ச் 21, சனி, மாலை 4.30
முடிவு அறிவிப்பு: மார்ச் 28, சனி
வேலை தொடக்கம்: ஏப்ரல் 6, திங்கள், முடிக்கும் காலம் 75 நாட்கள்

பார்வையிட வராதவரின் விலைப்புள்ளி ஏற்கப்படாது. மேல்தளத்தில் ஏறிப் பார்க்காமல் போடும் விலை பிறகு ‘கூடுதல் வேலை’ என்ற பெயரில் வளரும் என்பதுதான் காரணம். ஏணி, தட்டிப் பார்க்கச் சுத்தியல், அளவு நாடா ஆகியவற்றை நாங்கள் வைத்திருப்போம். அன்று வாயால் சொன்ன எதுவும் செல்லாது. பதில் தாளில் உள்ளது மட்டுமே செல்லும். கேட்டவர் பெயரில்லாமல் எல்லாக் கேள்விகளும் அந்தத் தாளில் இருக்கும். அளவுப் பட்டியலில் பிழை கண்டவர் அதைக் கேள்வியாக எழுதித் தரட்டும். திருத்தம் எல்லோருக்கும் போகும்.

வேலையின் விவரம்

மண்டபத்தின் உள்ளளவு 18 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், 4.2 மீட்டர் உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் மேல்தளம், குறுக்கே நான்கு உத்திரங்கள்.

இந்த வேலையின் உயிர் மேல்தளம். அங்கே கசிவு நிற்காவிட்டால் கீழே பூசும் வண்ணம் அடுத்த மழைக்கே உரியும். மேற்கு ஓரத்தில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் ஓடுகிறது; இரண்டு நீர்ப்போக்கிகளின் வாய் தளத்தைவிட உயரமாக இருப்பதால் தண்ணீர் தேங்குகிறது. இப்போதுள்ள ஓட்டுத் தளத்தைப் பெயர்த்து, விரிசல்களை ‘வி’ வடிவில் வெட்டிப் பாலிமர் கலவையால் அடைத்து, மூலை முழுதும் 50 மி.மீ. சாய்வு வளைவு கட்டி, நீர்ப்போக்கிகளைத் தாழ்த்தி மறுபடி பதித்து, 100-க்கு 1 வாட்டத்தில் சமன் பூச்சு போட வேண்டும். அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்குத் திசையில், நடுவே வலைத்துணி. கைப்பிடிச் சுவரில் 30 செ.மீ. உயரம் வரை அது ஏற வேண்டும். பூச்சு காய்ந்த பிறகு நீர்ப்போக்கிகளை அடைத்து, மேட்டுப் பகுதியிலும் 25 மி.மீ. ஆழம் இருக்கும்படி தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்திக் காட்ட வேண்டும். உட்கூரையில் ஈரம் தெரிந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்து மறுபடி தண்ணீர் கட்டுவார். இந்தச் சோதனை தேறிய பின்தான் காப்பு ஓடு பதிக்கலாம். ஓடு பதித்த பிறகு கசிந்தால் ஓட்டை எங்கே என்று தேடவே முடியாது.

மேற்கு, தெற்குச் சுவர்களில் 1.2 மீட்டர் வரை ஏறியிருக்கும் ஈரத்துக்குக் காரணம் வேறு. வெளியே நடைமேடையைப் பலமுறை உயர்த்தியதில் அது சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கைத் தாண்டிவிட்டது. அந்த நடைமேடையில் 60 செ.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்து, தரைமட்டத்தை ஈரத்தடுப்பு அடுக்குக்கு 15 செ.மீ. கீழே கொண்டுவர வேண்டும். உள்ளே 1.5 மீட்டர் உயரம் வரை பழைய பூச்சை உரித்து, இணைப்புகளைச் சுரண்டி, 1:1:6 சிமென்ட், சுண்ணாம்பு, மணல் கலவையில் பூச வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சு வேண்டாம். அது ஈரத்தை உள்ளே அடைத்து இன்னும் மேலே ஏற்றும். புதுப் பூச்சு 28 நாள் காய்ந்த பிறகே பட்டி பார்க்கலாம். எனவே பூச்சு வேலையை முதல் இரு வாரத்துக்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

பழைய மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டே டைல்ஸ் பதிக்க வேண்டும். மேலேயே ஒட்டினால் மட்டம் உயர்ந்து மூன்று கதவுகளும் தட்டும், வாசலில் முதியவர்கள் தடுக்கி விழும் படி உருவாகும்.

அளவுப் பட்டியல்

1. பழைய ஓட்டுத் தளம் பெயர்த்து அகற்றுதல்: 205 ச.மீ.
2. வாட்டச் சமன் பூச்சு: 205 ச.மீ.
3. நீர்த்தடுப்புப் பூச்சு, கைப்பிடிச் சுவர் ஏற்றம் உட்பட: 223 ச.மீ.
4. மூலைச் சாய்வு வளைவு: 59 மீட்டர்
5. நீர்ப்போக்கி மாற்றிப் பதித்தல்: 4 எண்ணம்
6. காப்பு ஓடு: 205 ச.மீ.
7. நடைமேடை வெட்டித் தாழ்த்துதல்: 18 ச.மீ.
8. உட்சுவர்ப் பூச்சு உரித்துப் புதிதாகப் பூசுதல்: 42 ச.மீ.
9. உட்கூரையில் துருப்பிடித்த கம்பி சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசி, கான்கிரீட் ஒட்டுதல்: 12 ச.மீ. (தட்டிப் பார்த்த பின் அளவு மாறலாம்)
10. மொசைக் பெயர்த்தல், 600 மி.மீ. சதுர வழுக்காத டைல்ஸ் பதித்தல்: 198 ச.மீ.
11. ஸ்கர்டிங்: 53.5 மீட்டர்
12. உட்புறம் பட்டி, பிரைமர், எமல்ஷன் இரண்டு கோட், சுவரும் கூரையும்: 448 ச.மீ.
13. வயரிங் முழுதும் மாற்றுதல்: 24 விளக்கு, 16 விசிறி, 14 பிளக் பாயிண்ட், புதிய விநியோகப் பெட்டி, 30 மி.ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான், எர்த்திங்

விளக்கு, விசிறிச் சுற்றுக்கு 1.5 ச.மி.மீ. செம்புக் கம்பி, பிளக்குகளுக்கு 2.5 ச.மி.மீ. மின்காப்பு எதிர்ப்புச் சோதனை அளவீட்டை எழுத்தில் தர வேண்டும். விசிறிகள் நன்கொடையாக வந்துவிட்டன. மாட்டும் கூலி மட்டும் போடுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் அலகு விலையும் மொத்தமும் தேவை. பொருள், கூலி, சாரம், ஏற்றிறக்கு, இடிபாடு அகற்றல், வெட்டுச் சேதாரம், வரி எல்லாம் அலகு விலைக்குள் அடங்கும். அளப்பது பதித்த பரப்பை மட்டுமே. பயன்படுத்தவிருக்கும் நீர்த்தடுப்புப் பொருள், டைல்ஸ், கம்பி, பெயிண்ட் ஆகியவற்றின் தயாரிப்பாளர் பெயரையும் ரகத்தையும் எழுதுங்கள். ‘நல்ல தரம்’ என்று மட்டும் எழுதிய இரண்டு விலைகளை ஒப்பிட வழியில்லை.

வழிபாடு தடைபடாமல்

தினமும் காலை 6 முதல் 7.30 வரையும் மாலை 6 முதல் 8 வரையும் வழிபாடு உண்டு. அந்த நேரங்களில் இடிப்பு, துளையிடல், இயந்திரம் எதுவும் கூடாது. தரை வேலை கிழக்குப் பாதி, பின் மேற்குப் பாதி என இரு கட்டமாக நடக்கும். நடுவே தரையிலிருந்து கூரை வரை தூசித் திரை கட்டப்பட வேண்டும். வேலைக் காலத்தில் ஆறு சிறப்பு வழிபாட்டு நாட்கள் உள்ளன. அவற்றின் பட்டியலைப் பார்வையிடும் நாளில் தருவோம். அந்த நாட்களும், மேல்தள வேலை மழையால் நின்ற நாட்களும் 75 நாளில் சேராது.

யார் தரலாம்

கடந்த ஐந்து ஆண்டில் இதுபோன்ற இரண்டு சீரமைப்புப் பணியை முடித்தவர். அவற்றில் ஒன்றிலாவது தாம் செய்த மேல்தள நீர்த்தடுப்பு இரண்டு மழைக்காலம் தாண்டியிருக்க வேண்டும். அந்த உரிமையாளர்களிடம் நேரில் கேட்போம். வரிப் பதிவு, தொழிலாளர் விபத்துக் காப்பீடு, மின்பணிக்கு உரிமம் பெற்றவர் ஆகிய சான்றுகளும் தேவை.

சீரமைப்புக் குழுவில் உள்ள எவருக்கும் உறவினரோ தொழில் பங்காளியோ ஆனவர் அதை முதல் உறையில் எழுதித் தர வேண்டும். அவர் விலைப்புள்ளி தருவதற்குத் தடையில்லை. தொடர்புடைய உறுப்பினர்தான் திறப்பு, மதிப்பீடு, முடிவு மூன்றிலிருந்தும் விலகி நிற்பார். தொடர்பை மறைத்தது தெரிந்தால் எந்தக் கட்டத்திலும் நீக்கம்.

நன்கொடையாகத் தள்ளுபடி தருவதாக எழுத வேண்டாம். மனம் இருந்தால் கடைசிப் பணம் கைக்கு வந்த பிறகு உண்டியலில் செலுத்தலாம். விலையும் காணிக்கையும் கலந்தால் மற்றவரோடு ஒப்பிட முடியாது. பாதியில் வேலை இழுத்தாலும் கண்டிப்பாகக் கேட்க எங்களுக்கு வாய் வராது.

உறையும் திறப்பும்

முதல் உறையில் தகுதிச் சான்றுகள், இரண்டாவதில் விலைப் பட்டியல். இரண்டையும் முத்திரையிட்டு ஒரே பெரிய உறைக்குள் வைத்து மண்டப அலுவலகத்தில் உள்ள பெட்டியில் போட வேண்டும். அலுவலகம் தினமும் காலை 9 முதல் பகல் 1 வரை திறந்திருக்கும். கடைசி நாளில் மட்டும் மாலை 4 வரை. நேரம் குறித்த ரசீது தரப்படும். பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவிகள் வெவ்வேறு இருவரிடம். எங்கள் பொறியாளரின் மதிப்பீடும் தனி உறையில் அதே பெட்டியில் இருக்கும். மின்னஞ்சல், தொலைபேசி வழி விலை ஏற்கப்படாது. 4 மணிக்குப் பின் வருவது பிரிக்காமல் திருப்பப்படும்.

மார்ச் 14 அன்று வந்திருப்போர் முன்னிலையில் முதல் உறைகள் திறக்கப்படும். விலை உறைகளைத் திறக்காமல் அவற்றின் மேல் வந்திருப்போர் கையெழுத்திட்டு மீண்டும் பெட்டியில் பூட்டுவோம். சான்றுகளைச் சரிபார்த்த பின், மார்ச் 21 சனி மாலை 4.30-க்குத் தகுதி பெற்றவர்களின் விலை உறையும் எங்கள் மதிப்பீடும் சபையார் முன் திறந்து வாசிக்கப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் மூவர் கையெழுத்திடுவர். தகுதி பெறாதவரின் விலை உறை காரணக் கடிதத்துடன் அப்படியே திரும்பும்.

மார்ச் 14 அன்று மூன்றுக்குக் குறைவான உறைகளே வந்திருந்தால் எதையும் திறக்காமல் ஒரு முறை மட்டும் 10 நாள் நீட்டிப்போம். அடுத்த நாட்களும் அதே அளவு தள்ளிப்போகும்.

எப்படித் தேர்வு

தகுதி பெற்றவர்களில் கூட்டிச் சரிபார்த்த மொத்தம் குறைந்தவருக்கே வேலை. கூட்டல், பெருக்கல் பிழை இருந்தால் அலகு விலையே செல்லும். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்து செல்லும். விலை எழுதாமல் விட்ட வரி மற்ற வரிகளில் அடங்கியதாகக் கொள்ளப்படும். ஏதாவது வரியின் விலை எங்கள் மதிப்பீட்டில் பாதிக்கும் கீழ் இருந்தாலோ, பெயர்ப்பு வேலை போன்ற ஆரம்ப வரிகளில் மட்டும் விலை ஏறியிருந்தாலோ, பொருள், கூலிக் கணக்கைக் கேட்போம். முன்கூட்டியே அதிகம் வாங்கிவிட்டு முடிப்பு வேலையில் காணாமல் போவதைத் தடுக்கத்தான் இது. கணக்கு நிற்காவிட்டால் அந்த விலைப்புள்ளி விலக்கப்படும். திறந்த பிறகு யாரோடும் பேரம் இல்லை. இருவர் மொத்தம் சமமானால் அவர்கள் முன் சீட்டு குலுக்கப்படும்.

மதிப்பீட்டுத் தாள் மார்ச் 28 அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபம் உள்ளவர் ஏப்ரல் 4-க்குள் எழுதித் தரலாம். குழுவில் இல்லாத எங்கள் தணிக்கையாளர் அதைப் பார்ப்பார். அதுவரை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாது. ஆட்சேபம் தீராவிட்டால் வேலைத் தொடக்கம் தள்ளிப்போகும்.

பணமும் பொறுப்பும்

வங்கி உத்தரவாதத்தின் பேரில் 10 சதவீதம் முன்பணம். முதல் இரண்டு பில்லில் கழிக்கப்படும். 15 நாளுக்கு ஒரு முறை இரு தரப்பும் சேர்ந்து அளந்து கையெழுத்திட்ட அளவுப் புத்தகப்படி பில். பில் வந்த 10 நாளுக்குள் பணம். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்து, வேலை முடிந்து 12 மாதத்தில் குறைகள் இல்லையெனில் விடுவிப்போம். மேல்தளத்துக்கு 5 ஆண்டு எழுத்து உத்தரவாதம் தேவை. காரணமற்ற தாமதத்துக்கு வாரம் 0.5 சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம் கழிக்கப்படும்.

அளவு 15 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அதே அலகு விலை. அதற்கு மேல் போனாலோ பட்டியலில் இல்லாத வேலை வந்தாலோ, செய்வதற்கு முன் விலை எழுதிக் கையெழுத்தாக வேண்டும். கையெழுத்தில்லாத கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை. குழு உறுப்பினரே சொல்லியிருந்தாலும் இல்லை.

விலைப்புள்ளி 90 நாட்கள் செல்லுபடியாக வேண்டும். எல்லா விலைப்புள்ளிகளையும் நிராகரிக்க நேர்ந்தால் காரணத்தை எழுதி ஒவ்வொருவருக்கும் தெரிவிப்போம். வரைபடமும் அளவுப் பட்டியலும் அலுவலக நேரத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

செயலாளர்,
சீரமைப்புக் குழு