ஆஷாட பௌர்ணமி வாசிப்பு: அறவாழி உருட்டிய முதல் உரை

அனைவருக்கும் வணக்கம். இன்று ஆஷாட பௌர்ணமி; இலங்கையில் எசல போயா. புத்தரின் முதல் உரையான தம்மசக்கப்பவத்தன சுத்தத்தைத்தான் இன்று வாசிக்கப் போகிறோம். அச்சில் சில பக்கம்தான்.

அதற்கு முன்னால், கேட்டவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐந்தே பேர்: கொண்டஞ்ஞர், வப்பர், பத்தியர், மகாநாமர், அஸ்ஸஜி. கௌதமருடன் கடுந்தவத்தில் இருந்தவர்கள். அவர் பட்டினியை விட்டுச் சோறு உண்டதும், 'இவர் சுகவாசியாகிவிட்டார்' என்று விலகிப் போனவர்கள். காசிக்குப் பக்கத்து மான்வனத்தில், அதாவது இன்றைய சாரநாத்தில், அவர் தூரத்தில் வருவதைக் கண்டதும் எழுந்திருப்பதில்லை, வணங்குவதில்லை என்று பேசிவைத்தார்கள். கிட்டே வந்ததும் பேசிவைத்தது நிலைக்கவில்லை. ஒருவர் பாத்திரத்தை வாங்கினார், ஒருவர் ஆசனம் விரித்தார், இன்னொருவர் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆனாலும், 'அத்தனை தவத்தில் கிடைக்காதது, தவத்தை விட்டவருக்கு எப்படிக் கிடைக்கும்?' என்று விடாமல் கேட்டார்கள். உரையின் முதல் வரிகள் அந்தக் கேள்விக்கான பதில்தான் என்பது என் எண்ணம். சரி, வாசிப்போம்.

இவ்வாறு நான் கேட்டிருக்கிறேன். ஒரு சமயம் பகவான் வாரணாசியில் இசிபதனத்து மான்வனத்தில் தங்கியிருந்தார். அங்கே ஐந்து பிக்குகளிடம் சொன்னார்:

“பிக்குகளே, துறவி நாடக் கூடாத எல்லைகள் இரண்டு. புலனின்பத்தில் ஊறிக் கிடப்பது ஒன்று. அது தாழ்ந்தது, பயனற்றது. உடலை வதைத்துக்கொள்வது மற்றொன்று; அது வலி தருவது, அதுவும் பயனற்றது. இரண்டையும் அணுகாமல் ததாகதனாகிய நான் கண்டது நடுவழி. அது கண் தரும், ஞானம் தரும், நிப்பானம் என்னும் விடுதலையில் சேர்க்கும். நற்காட்சி, நல்லெண்ணம், நல்வாக்கு, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என எட்டு உறுப்புள்ள வழியே அது.

துன்பம் என்னும் மேலான உண்மை இது: பிறப்பு துன்பம், மூப்பு துன்பம், பிணி துன்பம், சாவு துன்பம். பிடிக்காததோடு சேர்வது துன்பம், பிடித்ததைப் பிரிவது துன்பம், விரும்பியது கிடைக்காததும் துன்பம். சுருங்கச் சொன்னால், பற்றுக்கு இடமான, உடலும் மனமுமாகிய ஐந்து கந்தங்களுமே துன்பம்.

துன்பத்தின் தோற்றம் இது: மறுபிறப்புக்கு இழுத்துச் சென்று, அங்கங்கே சுவை தேடும் வேட்கை. புலனின்ப வேட்கை, இருக்க வேண்டும் என்னும் வேட்கை, இல்லாமற்போக வேண்டும் என்னும் வேட்கை. அந்த வேட்கை மிச்சமின்றி அற்றுப்போவதே துன்ப நீக்கம். அதற்கு வழி, முன்பு சொன்ன எட்டுறுப்பு வழி.

துன்பத்தை அறிய வேண்டும், அறிந்தேன். அதன் தோற்றத்தைக் கைவிட வேண்டும், கைவிட்டேன். நீக்கத்தை நேரில் காண வேண்டும், கண்டேன். வழியைப் பயின்று வளர்க்க வேண்டும், வளர்த்தேன். முன் கேட்டிராதவற்றில் எனக்குக் கண் பிறந்தது, ஞானம் பிறந்தது, ஒளி பிறந்தது. இந்த நான்கையும் மும்முறை சுழன்று, பன்னிரு வகையில் தெளியாதவரை முழு விழிப்பை அடைந்தேன் என்று நான் சொல்லவில்லை. தெளிந்த பின்பே சொன்னேன். என் விடுதலை அசையாது. இதுவே கடைசிப் பிறப்பு.”

கொண்டஞ்ஞருக்கு அறக்கண் திறந்தது: ‘தோன்றும் இயல்புள்ளது எதுவோ, அது முழுவதும் மறையும் இயல்புள்ளது.’ பகவான் அறவாழியை உருட்டிவிட்டார் என்று மண்ணுலகத் தேவர் எழுப்பிய முழக்கம் பிரம்மலோகம் வரை ஏறியது. பத்தாயிரம் உலகங்கள் அதிர்ந்தன. பகவான், “கொண்டஞ்ஞன் அறிந்துகொண்டான்!” என்றார்.

‘கண் பிறந்தது’ என்ற தொடர் பாலியில் பன்னிரண்டு முறை திரும்ப வரும். கேட்டு மனப்பாடம் செய்தவர்களின் நூல் அல்லவா! நான் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். மூலத்தைத் தேடுபவர்கள் சம்யுத்த நிகாயத்தின் 56-ஆம் பகுதியான சச்ச சம்யுத்தத்தில் 11-ஆம் சுத்தத்தைப் பாருங்கள். விநய பிடகத்தின் மகாவக்கத்திலும் இது உண்டு. பாத்திரம் வாங்கிய கதை அங்கேதான் இருக்கிறது. வடமொழியில் மகாவஸ்து, லலிதவிஸ்தரம் ஆகியவற்றில் வேறு வடிவங்கள் கிடைக்கின்றன. சீனத்துச் சம்யுக்த ஆகமத்தில் 379-ஆம் சூத்திரம் இரண்டு எல்லைகளைப் பேசாமல் நேரே நான்கு உண்மைகளுக்குப் போய்விடுகிறது.

தமிழில் மணிமேகலை இந்த நான்கையும் நான்கே அடிகளுக்குள் அடக்கிவிட்டது:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பே ரின்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

அன்று தெளிந்தவர் கொண்டஞ்ஞர் ஒருவரே. மற்றவர்களுக்குப் புத்தர் தொடர்ந்து எடுத்துச் சொன்னார். மூவர் பிச்சைக்குப் போய்க் கொண்டுவந்ததை ஆறு பேரும் உண்டார்கள் என்கிறது விநயம். அப்புறம் அதே ஐவருக்கு இரண்டாம் உரையைச் சொன்னார், அனத்தலக்கண சுத்தம். அதை அடுத்த பௌர்ணமிக்கு வாசிப்போம்.