கார்த்திகை வாழ்த்து: பனை ஏற்றும் விளக்கு

அட்டை 1

திருக்கார்த்திகை வாழ்த்துகள்!

விளக்குப் படம் ஒன்று, அதன் கீழே இரண்டு வரி வாழ்த்து, இவற்றோடு நிறுத்த இந்த வருஷம் எங்களுக்கு மனம் வரவில்லை. கார்த்திகையன்று நாம் கொளுத்துவது, சுற்றுவது, ஆவியில் வேகவைப்பது என்று பலவும் ஒரே மரத்திலிருந்து வருகின்றன.

பனைமரம். அதன் கதைதான் எங்கள் வாழ்த்து.

தள்ளிக்கொண்டே வாருங்கள் ➡

அட்டை 2

முதலில் வானம்.

கார்த்திகை என்பது ஆறு விண்மீன்களின் கூட்டம். இந்த மாதம் முழுநிலா அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கும். மழை விலகிய வானில் நிலவு அறுமீனைச் சேரும் நள்ளிரவு, தெருவெல்லாம் விளக்கு, தொங்கும் மாலைகள், ஊரே கூடிய விழா என்று அகநானூற்றின் 141-ஆம் பாடல் சொல்கிறது. சங்க காலத்து இரவு அது. மயிலாப்பூரில் பெண்கள் கொண்டாடிய கார்த்திகை விளக்கீட்டைப் பிறகு சம்பந்தர் பாடினார்.

தீபத்தன்று ராத்திரி மேகம் விலகினால் மொட்டைமாடிக்குப் போய் நிலாவுக்குப் பக்கத்தில் பாருங்கள். அவர்கள் பார்த்த அதே ஆறு மீன்.

அட்டை 3

மாவலியோ மாவலி!

கடையில் வாங்கும் கம்பி மத்தாப்புக்கு முன்னால் நம் பிள்ளைகள் கையில் சுழன்றது மாவலி. செய்முறை இதுதான்:

ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைக் குழியில் போட்டுத் தீ மூட்ட வேண்டும். சாம்பலாகிவிடாமல், கரியாகும் பதத்திலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். மொத்த வித்தையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் தாமதித்தால் கையில் மிஞ்சுவது சாம்பல். நன்றாக ஆறியதும் எடுத்து இடித்து, சலித்து, பழைய பருத்தித் துணியில் இறுக்கமாகச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து, நடுவில் அந்தப் பொட்டலத்தைச் செருகி, மட்டையின் முனையில் நீளக் கயிறு. பொட்டலத்தின் தலையில் ஒரு தணலை வைத்து ஊதிவிட்டுச் சுற்றினால் பொறிகள் வட்டமாய்ப் பூத்துக் கொட்டும்.

இதில் மருந்து கிடையாது, வெடி கிடையாது. கரியும் காற்றும் போதும்.

அட்டை 4

மாவலி யார்?

மாபலிச் சக்கரவர்த்தி என்று சொல்வார்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

வேதாரண்யம் கோயிலில் விளக்கு அணையும் நிலையில் இருந்தது. நெய் தேடி வந்த எலி ஒன்று திரியில் மூக்கை வைத்தது. மூக்கு சுட்டது. துள்ளிய துள்ளலில் திரி தூண்டப்பட்டு விளக்கு நின்று எரிந்தது. அந்த எலிதான் மறுபிறவியில் மூவுலகும் ஆண்ட மாவலி. அப்பர் தேவாரத்திலேயே இந்தக் கதை வருகிறது.

எலி பக்தியோடு வரவில்லை, பசியோடுதான் வந்தது. அதற்கே மூவுலகம் கிடைத்தது என்பதால் எங்களுக்கு இந்தக் கதை மேல் தனிப் பிரியம். வீட்டில் விளக்கேற்றும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அட்டை 5

சொக்கப்பனை

கோயில் வாசலில் பனைமரத் தண்டை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்துவது. அடிமுடி தெரியாமல் நின்ற சிவனின் நெருப்புத் தூண் என்று ஒரு விளக்கம். முப்புரம் எரித்ததன் நினைவு என்று இன்னொன்று. ஸ்ரீரங்கத்திலும் சொக்கப்பனை உண்டு. பெருமாள் கோயில், சிவன் கோயில் என்ற பேதம் இந்த நெருப்புக்குக் கிடையாது.

எரிந்து முடிந்ததும் கரிக்கட்டையை எடுத்துப்போய் வயலில் வைக்கும் ஊர்களும் உண்டு, விளைச்சல் பெருகும் என்று.

அட்டை 6

ஓலைக் கொழுக்கட்டை

நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த அட்டையைப் படிக்கும்போதே வாசம் வந்துவிடும்.

பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, சுக்கு, ஏலம். பிசைந்து பனங்குருத்தோலைக்குள் வைத்து, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேகவைப்பது. ஓலையின் மணம் மாவில் இறங்கும். வாழையிலையில் செய்தாலும் கொழுக்கட்டை வரும், அந்த மணம் வராது.

பிற ஊர்களில் அன்று நெல்பொரியும் அவல்பொரியும் வெல்லப்பாகில் உருண்டையாகும். அதுவும் சுகம்தான்.

அட்டை 7

யாழ்ப்பாணத்தில் இந்த நாள் விளக்கீடு. வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் தீபம் வைப்பார்கள். கோயில்களில் அங்கேயும் சொக்கப்பனைதான் எரியும்.

அட்டை 8

காய்க்காத மரத்தின் பண்டிகை

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. நுங்கும் பழமும் பெண் பனை தரும். ஆண் பனை காய்க்காது. பாளை சீவினால் அதுவும் பதநீர் தரும். ஆனால் ஏற ஆள் இல்லாமல் போனதும் ‘இது எதற்கு நிற்கிறது’ என்று கேட்டு, செங்கல் சூளைக்கு விறகாக வெட்டிக் கொடுத்தவை ஏராளம். பெண் பனையும் தப்பவில்லை.

மாவலிப் பொறி அந்த ஆண் பனையின் பூவிலிருந்துதான் வருகிறது. காய்க்காத மரத்தைப் பிள்ளைகள் கையில் வெளிச்சமாகக் கொடுத்த பண்டிகை இது. ஆண் பனை வெட்டுப்பட்டால் மாவலியும் போய்விடும். வெறும் படத்தில் மட்டும் பார்ப்போம்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆட்சியர் அனுமதி இல்லாமல் அதை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. உங்கள் ஊரில் யாராவது பனையில் ரம்பம் வைத்தால் இதைச் சொல்லித் தடுங்கள்.

அட்டை 9

வாசலில் அகல், கையில் மாவலி, அடுப்பில் கொழுக்கட்டை.
உங்கள் வீட்டுக்கும், உங்கள் ஊர்ப் பனைகளுக்கும் எங்கள் கார்த்திகை வாழ்த்துகள்.

பாளையங்கோட்டை கருப்பட்டிக் கடையிலிருந்து

படத்தின் கீழே

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம். அட்டைகளைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. உங்கள் ஊரில் மாவலிக்கு வேறு பெயர் உண்டா? கார்த்திகைச் சுற்று, கார்த்திகைப் பொறி என்று கேட்டிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பெயரோடு கருத்தில் எழுதுங்கள்.

தீபத்தன்று சாயங்காலம் 4 மணிக்குக் கடைக்கு எதிரே உள்ள காலி மனையில் மாவலி கட்டக் கற்றுக்கொடுக்கிறோம். கட்டணம் கிடையாது. திசையன்விளையிலிருந்து வரும் பனையேறி அண்ணாச்சி கரி சுட்டு எடுத்து வருகிறார். அவர் சொன்னபடி கேளுங்கள்: பருத்தி உடுப்பு மட்டும் போட்டு வாருங்கள், நைலான் வேண்டாம். சுற்றுபவரைச் சுற்றி பத்தடிக்குள் யாரும் நிற்கக்கூடாது. கூரை, வைக்கோல், வண்டி பக்கத்தில் சுற்றவே கூடாது. சிறு பிள்ளைகள் பெரியவர் துணையோடுதான்.

குருத்தோலை முந்தைய நாள் காலை வரும், கட்டு 30 ரூபாய். ஓலைக்காகக் குட்டிப் பனையின் குருத்தை மொத்தமாக வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்; அதனால் கட்டுகள் குறைவாகத்தான் இருக்கும், கோபிக்க வேண்டாம்.

வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பனங்கொட்டை தருவோம். மழை ஈரம் இருக்கும்போதே குளக்கரையிலோ வரப்பிலோ ஊன்றிவிடுங்கள்.

#திருக்கார்த்திகை #மாவலி #சொக்கப்பனை #ஓலைக்கொழுக்கட்டை #பனைகாப்போம்