தனி ஊசல் கட்டுரை: மதிப்பாய்வாளர்களுக்கு எங்கள் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கும் மதிப்பாய்வாளர்கள் இருவருக்கும்,

வணக்கம். தனி ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கத்தை அளந்த எங்கள் கட்டுரையை வரி விடாமல் படித்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. உங்கள் குறிப்புகளைப் படித்தபின் சோதனையையே மறுபடி செய்தோம். முதல் வடிவில் 9.42 மீ/நொடி² என்றிருந்த விடை இப்போது 9.77 ± 0.04. மாற்றிய வரிகளை இணைப்பில் மஞ்சளில் காட்டியிருக்கிறோம்.

முதல் மதிப்பாய்வாளருக்கு

"விடை குறைந்ததற்குக் காற்றுத் தடையே காரணம் என்கிறீர்கள், ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருந்தீர்கள். ஆதாரம் இல்லை. விடை குறைவாக வந்ததும் கைக்குக் கிடைத்த காரணத்தை எழுதிவிட்டோம், அது தவறு. காற்று வீச்சைத்தான் மெல்லக் குறைக்கிறது. எங்கள் இரும்புக் குண்டின் அலைவு நேரத்தை அது மாற்றுவது எங்கள் கருவியால் பார்க்கவே முடியாத அளவுக்குச் சிறியது. அந்தப் பத்தியை முழுதாக நீக்கிவிட்டோம்.

உண்மையான காரணங்களில் ஒன்று, நீங்களே சுட்டிக்காட்டிய வீச்சு. ஊசலை ஏறக்குறைய 25 பாகையிலிருந்து விட்டுவிட்டு, சிறு கோணத்துக்கு மட்டுமே பொருந்தும் T = 2π√(L/g) சமன்பாட்டைப் போட்டிருந்தோம். அந்தக் கோணத்தில் அலைவு நேரம் சுமார் 1.2% கூடுகிறது, அதனால் g சுமார் 2.4% குறைந்து வருகிறது. இப்போது 5 பாகைக்கு மேல் விடுவதில்லை. அங்கே அலைவு நேரத்தில் வரும் வித்தியாசம் 0.05% தான்.

அப்புறம், செய்முறைப் பகுதியில் ஏழு நீளங்கள், வரைபடத்தில் ஆறு புள்ளிகள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். 70 செ.மீ. புள்ளி கோட்டில் உட்காரவில்லை என்பதால் சொல்லாமல் விட்டுவிட்டோம். செய்திருக்கக் கூடாது, மன்னிக்கவும். ஆய்வக நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம்: பத்து அலைவுக்கு 17.2, 17.1, 15.4 நொடி என்று இருந்தது. மூன்றாவதில் மட்டும் சரியாக ஓர் அலைவு நேரம் குறைகிறது, அதாவது ஒன்பது அலைவிலேயே கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறோம். பழைய அளவீடுகள் எல்லாம், இந்த 15.4 உட்பட, காரணத்தோடு பின்னிணைப்பில் இருக்கின்றன.

இரண்டாம் மதிப்பாய்வாளருக்கு

கோட்டை ஆதிப்புள்ளி வழியாக ஏன் வலிந்து இழுத்தீர்கள் என்ற உங்கள் கேள்விதான் எங்களை அதிக நேரம் உட்கார வைத்தது. நீளம் பூச்சியம் என்றால் அலைவு நேரமும் பூச்சியம், ஆகவே கோடு அங்கேதான் போக வேண்டும் என்று நினைத்தோம். நீங்கள் சொன்னபடி அதை விட்டுவிட்டு T²-ஐ L-க்கு எதிராக மறுபடி வரைந்தபோது, செங்குத்து அச்சை 0.05 நொடி² அருகே வெட்டியது. முதலில் புரியவில்லை. பிறகு நூலை அளந்த விதத்தை நினைவுபடுத்திப் பார்த்தோம்: மேல் பிடியிலிருந்து குண்டின் முடிச்சு வரைதான் அளந்திருக்கிறோம், குண்டின் மையம் வரை அல்ல! விடுபட்டது ஆரம். வெட்டுத்துண்டிலிருந்து கணக்கிட்டால் 1.2 செ.மீ. சொச்சம் வருகிறது, வெர்னியரில் குண்டின் விட்டம் 2.5 செ.மீ. நாங்கள் அளக்காமல் விட்டதை வரைபடம் தானாகவே சொல்லியிருக்கிறது, அதைப் பூச்சியத்தில் அமுக்கி நாங்களே மறைத்திருக்கிறோம். இந்த ஒரு தவறே g-ஐ சுமார் 1.6% குறைத்திருந்தது. இதற்குத் தனிப் பகுதி ஒன்று சேர்த்திருக்கிறோம், எங்கள் பார்வையில் கட்டுரையின் சிறந்த பகுதி இப்போது அதுதான்.

ஸ்டாப்வாட்சுக்குப் பதில் ஒளி உணரி வைக்கச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. நூலும் குண்டும் கடிகாரமும் மட்டும் வைத்து எவ்வளவு துல்லியம் எட்டலாம் என்பதே எங்கள் கேள்வி, உணரி வந்தால் கேள்வியே மாறிவிடும். ஆனால் கைப்பிழை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. விரல் அழுத்துவதில் 0.2 நொடி தவறினால், ஒரு மீட்டர் ஊசலின் பத்து அலைவில் அது 1%. ஐம்பது அலைவில் 0.2%. எனவே எல்லா நீளத்துக்கும் ஐம்பது அலைவு எண்ணினோம், ஒருவர் எண்ண இன்னொருவர் கோடு போட்டுக் குறித்தார்.

9.81-உடன் ஒப்பிட்டு 'சதவீதப் பிழை' கொடுத்ததையும் நீக்கிவிட்டோம். ஈர்ப்பு முடுக்கம் கடல் மட்டத்திலேயே நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவத்தில் சுமார் 9.83 என்று மாறுகிறது; 1901-இல் ஏற்கப்பட்ட 9.80665 ஒரு பொது உடன்பாட்டு எண், எங்கள் அறையின் மதிப்பு அல்ல. இப்போது எங்கள் அகலாங்குக்குக் கணக்கிட்ட மதிப்போடுதான் ஒப்பிடுகிறோம். அது எங்கள் பிழை எல்லைக்குள் வருகிறது.

எழுத்துப் பிழைகளையும் படம் 2-இல் விடுபட்ட அலகுகளையும் சரிசெய்தாயிற்று. தலைப்பிலிருந்த 'துல்லியமான' என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். திருத்திய கட்டுரை, முழு அளவீட்டு அட்டவணை, நோட்டின் பக்கப் படங்கள் மூன்றும் இத்துடன் இருக்கின்றன.

நன்றியுடன்,
கட்டுரையாசிரியர்கள் மூவர்